மாணிக்கம் இயற்கையா செயற்கையா: ரங்கூனில் புதிதாகக் கல் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒளிவிலகல் எண்ணை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.762, 1.770 என்று இரண்டு கோடு விழுந்தால் கல் அசல்தான் என்று நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த எண்கள் சொல்வது கல் மாணிக்கம் என்பதை மட்டும்தான். அது பர்மாவின் மொகொக் மலையில் விளைந்ததா, தொழிற்சாலைச் சூளையில் சில மணி நேரத்தில் வளர்ந்ததா என்று அவை சொல்லாது. இரண்டிலும் இருப்பது ஒரே பொருள், ஒரே படிக அமைப்பு. அதனால் எண்ணும் ஒன்றே.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் ஒளிவிலகல் எண்ணைக் கொண்டு இது எந்த இனத்துக் கல் என்று தீர்மானிக்க வேண்டும். பிறகு கல்லுக்குள் சிக்கியிருக்கும் உள்பொருள்களைக் கொண்டு எங்கே, எப்படி வளர்ந்தது என்று தீர்மானிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இனம் தெரியாமல் உள்ளே பார்த்தால், பார்ப்பது எதுவானாலும் நாம் எதிர்பார்த்ததாகவே தெரியும்.

இங்கே மாணிக்கத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பர்மாவில் நம்மவர்கள் அதிகம் கேட்பதும் ஏமாறுவதும் அதில்தான்.

1. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

பத்து மடங்கு பெருக்கும் லூப் ஒன்று வேண்டும். மூன்று கண்ணாடி ஒட்டிய, ஓரத்தில் நிறம் பிரியாத வகையாக இருக்கட்டும். ஐந்து டாலருக்குக் கிடைக்கும் லூப்பில் “20x”, “30x” என்று எழுதியிருந்தாலும் ஓரமெல்லாம் வானவில் தெரியும், அதில் ஒன்றும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நல்லது முப்பது டாலரிலிருந்து தொடங்கும்.

ரிஃப்ராக்டோமீட்டர் சீனத் தயாரிப்பு நூறு டாலருக்குச் சற்று மேலே கிடைக்கும். பெயர் பெற்ற நிறுவனங்களுடையது பல நூறு டாலர். தொடக்கத்துக்குச் சீனத் தயாரிப்பே போதும். ஆனால் மஞ்சள் ஒளி, அதாவது 589 நானோமீட்டர் சோடியம் ஒளிக்கான வடிகட்டியோ விளக்கோ அதனுடன் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளை ஒளியில் அளந்தால் கோட்டுக்குப் பதிலாக ஒரு வண்ணப் பட்டைதான் தெரியும், மூன்றாவது தசம இலக்கத்தைப் படிக்க முடியாது. சுழற்றக்கூடிய போலரைசர் மூடியும் வேண்டும். அது இல்லாத கருவியை வாங்காதீர்கள், காரணம் பின்னால் தெரியும்.

தொடர்புத் திரவம் என்று ஒரு சிறு குப்பி தருவார்கள். அதன் எண் 1.79 அல்லது 1.81. அது நச்சு, வாசமும் மோசம். ஜன்னலைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள், கையில் பட்டால் உடனே கழுவுங்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாதென்பதால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இங்கேயே யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டியிருக்கும்.

மைக்ராஸ்கோப் சொந்தமாக வாங்குவது பெரிய செலவு. முதல் ஆண்டில் தேவையில்லை, பரிசோதனைக்கூடம் வைத்திருப்பவர்களிடம் மணிக்கு இவ்வளவு வாடகை என்று பேசிக்கொள்ளலாம். கையில் சார்ஜ் செய்யக்கூடிய, குறுகிய ஒளி தரும் டார்ச் கட்டாயம் வேண்டும். ரங்கூனில் மின்சாரம் எந்த நேரம் போகும் என்று சொல்ல முடியாது, கடைக்காரர் ஏற்றி வைக்கும் மஞ்சள் பல்பில் எந்தச் சிவப்புக் கல்லும் அழகாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, அதிகம் பேர் செய்யாதது. தெரிந்தே ஒரு செயற்கை மாணிக்கத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தீச்சுடர் முறையில் செய்த கல் சில டாலருக்கே கிடைக்கும். பிறகு சொல்லப்போகும் வளைகோடுகளை முதலில் அந்தக் கல்லில் தேடிக் கண் பழகிய பிறகுதான் பணம் போட்டு வாங்கும் கல்லில் தேட வேண்டும்.

2. ஒளிவிலகல் எண்ணை அளப்பது

முதலில் கல்லை வெள்ளைப் பஞ்சால் துடையுங்கள். கடைக்காரர் சம்மதித்தால் பஞ்சைச் சிறிது ஆல்கஹாலில் நனைத்துத் துடையுங்கள். பஞ்சில் சிவப்பு ஏறினால் வெடிப்புக்குள் சாயம் கலந்த எண்ணெய் ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அந்தக் கல்லின் விலை பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

ரிஃப்ராக்டோமீட்டரின் நடுவில் உள்ள கண்ணாடி மிக மென்மையானது. மாணிக்கம் அதைக் கீறிவிடும். அதனால் கல்லை மேலிருந்து வைக்காமல், உலோகத்தட்டின் மேல் கவிழ்த்து வைத்து, விரலால் மெதுவாகக் கண்ணாடியின் மேல் நகர்த்துங்கள். இடுக்கியை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

திரவம் ஒரு குண்டூசித் தலை அளவு போதும். அதிகமாக ஊற்றினால் கல் மிதக்கும், கோடு மங்கும். கல்லின் பெரிய தட்டையான மேல்முகம் கீழே படும்படி வைத்து, மூடியை மூடி, கண்ணை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். அளவுகோலில் ஒரு பாதி இருட்டாகவும் மறு பாதி வெளிச்சமாகவும் இருக்கும். அந்த எல்லைக்கோடுதான் எண்.

இப்போது போலரைசரைத் திருப்புங்கள். மாணிக்கமாக இருந்தால் கோடு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கல்லை 45 பாகை திருப்பி மறுபடி இரண்டு எண், இன்னும் 45 பாகை திருப்பி மறுபடி இரண்டு எண். ஒரு நல்ல கல்லில் வரும் அளவுகள் இப்படி இருக்கும்:

முதல் நிலையில் 1.770, 1.768.
45 பாகை திருப்பியபின் 1.770, 1.765.
90 பாகையில் 1.770, 1.762.

மேலே உள்ள எண் அசையவில்லை, கீழே உள்ளது இறங்கிப்போனது என்பதைக் கவனியுங்கள். மாணிக்கத்தின் ஒளியியல் குணமே அதுதான். மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழித்தால் 0.008. ஒரே நிலையில் ஒரு முறை அளந்து 0.002 என்று கண்டு இது மாணிக்கம் அல்ல என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. கல்லைத் திருப்பாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

இங்கே நடக்கும் பொதுவான தவறு ஒன்று. எந்தக் கல்லை வைத்தாலும் 1.79 அல்லது 1.81 அருகே ஒரு மங்கலான கோடு தெரியும். அது திரவத்தின் கோடு, கல்லுடையதல்ல. பழைய திரவத்தில் அந்தக் கோடு இடம் மாறி நிற்கும், ஓரத்தில் மஞ்சள் படிகம் ஒட்டியிருக்கும். அப்படி இருந்தால் கண்ணாடியைத் துடைத்துப் புதுத் திரவம் வையுங்கள். கருவியே சரியா என்ற சந்தேகம் வந்தால் ஒரு ஸ்படிகக் கல்லை, அதாவது குவார்ட்ஸை, வைத்துப் பாருங்கள், 1.544, 1.553 வர வேண்டும்.

மொகொக் மாணிக்கம் பெரும்பாலும் வழவழவென்று முட்டை வடிவில் தேய்த்துக் கிடைக்கும். அதில் தட்டை முகம் இல்லை. அதற்குத் திரவத்தின் மிகச் சிறு துளி மேல் கல்லின் வளைவை வைத்து, கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்து, சிறு வட்டமாகத் தெரியும் பொட்டு எந்த இடத்தில் பாதி இருட்டாகிறதென்று பாருங்கள். அப்படி இரண்டு தசம இலக்கம் மட்டுமே கிடைக்கும்: 1.76 அல்லது 1.77. அவ்வளவுக்கு மேல் அதில் எதிர்பார்க்கக்கூடாது.

3. எண் எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது

சிவப்புக் கற்களில் முதலில் விலக்க வேண்டியவை கண்ணாடி, ஸ்பினல், கார்னெட், டூர்மலின். கண்ணாடி பெரும்பாலும் 1.50 முதல் 1.70 வரை, ஒற்றைக் கோடு. சிவப்பு டூர்மலின் 1.62, 1.64. இயற்கைச் சிவப்பு ஸ்பினல் 1.718 அருகே, அதிலும் ஒற்றைக் கோடுதான். மொகொக்கில் மாணிக்கமும் ஸ்பினலும் ஒரே மண்ணில் கிடைப்பதால் ஒரே பொட்டலத்தில் கலந்து வரும். விற்பவருக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு.

கார்னெட் கொஞ்சம் தந்திரமானது. அதில் சில வகைகளின் எண் 1.76 அருகே விழும், அதாவது மாணிக்கத்தின் மேலேயே விழும். ஆனால் கார்னெட்டில் ஒரே கோடுதான், போலரைசரைச் சுழற்றினாலும் கோடு அசையாது. போலரைசர் இல்லாத கருவியை வாங்காதீர்கள் என்றது இதற்குத்தான்.

இதற்கு அப்பால் எண் நமக்கு உதவாது, ஒரு விதிவிலக்கைத் தவிர. அது ஸ்பினல். தீச்சுடர் முறையில் செய்யும் செயற்கை ஸ்பினலில் அலுமினா இயற்கையில் இருப்பதைவிட அதிகம் சேர்ப்பார்கள். அதனால் அதன் எண் ஏறி 1.728இல் நிற்கும். வெளிர் நீலம், பச்சை, நிறமற்றது என்று விற்கும் ஸ்பினலில் இந்த எண் வந்தால் சந்தேகம் கிட்டத்தட்ட உறுதியாகிவிடும். இரண்டு போலரைசருக்கு நடுவே வைத்துப் பார்த்தால் கட்டமிட்ட, புழுபுழுவென்று அலையும் நிழல் தெரியும். ஆனால் சிவப்புச் செயற்கை ஸ்பினலின் எண் இயற்கைக்கு மிக அருகே வரும், ஆகவே சிவப்பில் இந்த விதியை நம்பாதீர்கள். அங்கேயும் உள்ளே பார்ப்பதைத் தவிர வழியில்லை.

4. உள்ளே பார்ப்பதற்கு முன் வெளிச்சத்தைச் சரிசெய்வது

புதியவர்கள் உள்பொருளைக் காணத் தவறுவது பெரும்பாலும் வெளிச்சத்தால்தான், அறிவால் அல்ல. மூன்று வகை வெளிச்சம் வேண்டும். கல்லின் பக்கவாட்டில் மட்டும் ஒளி விழுந்து பின்னணி கறுப்பாக இருப்பது ஒன்று. படிகங்களும் ஊசிகளும் அதில்தான் பளிச்சிடும். பின்னாலிருந்து மெல்லிய வெள்ளைக் காகிதத்தின் வழியாக ஒளி வருவது இரண்டாவது. வளர்ச்சிக் கோடுகளைக் காட்டுவது அது. மேலிருந்து குறுகிய டார்ச் ஒளியைச் சாய்த்து அடிப்பது மூன்றாவது. பட்டு எனப்படும் மெல்லிய ஊசிகளும் உலோகத் துண்டுகளும் அதில் மின்னும்.

கல்லின் வெட்டுமுகங்கள் ஒளியைச் சிதறடித்து உள்ளே இருப்பதை மறைக்கும். அதற்குத்தான் கல்லை ஒரு திரவத்தில் மூழ்க வைப்பது. மாணிக்கத்தின் எண்ணுக்கு நெருக்கமான, 1.74 எண் கொண்ட டையோடோமீத்தேன் சிறந்தது. அதில் வெட்டுமுகங்கள் கிட்டத்தட்ட மறைந்தே போகும். அதுவும் நச்சுதான், பரிசோதனைக்கூடத்தில் செய்வதே நல்லது. வீட்டில் குழந்தைகளுக்குத் தேய்க்கும் எண்ணெயில் மூழ்க வைத்தாலும் வெறும் காற்றில் பார்ப்பதைவிட நன்றாகத் தெரியும்.

5. தீச்சுடர் முறைக் கல்: வளைகோடு, குமிழி, போலிக் கைரேகை

சந்தையில் அதிகம் கிடைக்கும் செயற்கை மாணிக்கம் இதுதான். அலுமினாத் தூளைச் சுடர் வழியாக உதிர்க்கும்போது அது உருகி, கீழே உள்ள தண்டின் உருண்டையான தலையில் சொட்டுச் சொட்டாகப் படியும். ஒவ்வொரு படிவும் வளைந்த மேற்பரப்பில் விழுவதால் வளர்ச்சிக் கோடுகளும் வளைந்தே நிற்கும். இயற்கையில் கல் தட்டையான படிக முகங்களாக வளரும், அதனால் கோடுகள் நேராகவும் 60, 120 பாகையில் சந்திப்பவையாகவும் இருக்கும். வளைந்த வளர்ச்சிக் கோடு இயற்கை மாணிக்கத்தில் வராது. ஒரே கோட்டைத் தெளிவாகக் கண்டாலும் தீர்ப்பு சொல்லிவிடலாம்.

ஆனால் அதைக் காண்பது எளிதல்ல. கோடுகள் மிக நெருக்கமாகவும் மங்கலாகவும் இருக்கும். வெள்ளைக் காகிதத்தின் பின்னொளியில், கல்லைத் திரவத்தில் வைத்து, மெதுவாக எல்லாப் பக்கமும் திருப்ப வேண்டும். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் அவை தெரிந்து அடுத்த நொடி மறைந்துவிடும். கல் சிறியதானால் வளைவின் ஒரு சிறு துண்டு மட்டுமே அதில் இருக்கும், நேர்க்கோடு என்றே கண்ணுக்குத் தோன்றும். அப்போது கோட்டின் மிக நீளமான பகுதியைத் தேடி, ஒரு நேரான விளிம்பை அருகே வைத்து ஒப்பிடுங்கள்.

மெருகேற்றும்போது மேற்பரப்பில் விழும் கீறல்களும் வளைந்து தெரிந்து ஏமாற்றும். வேறுபாடு காண ஒரு வழி உண்டு. மெருகுக் கீறல் ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் தனித்தனித் திசையில் ஓடும். வளர்ச்சிக் கோடு முகங்களின் எல்லையைக் கண்டுகொள்ளாமல் கல் முழுவதும் ஒரே ஓட்டமாகப் போகும்.

இரண்டாவது அடையாளம் குமிழி. வட்டமாக, சில நேரம் வால் முளைத்த மாதிரி நீண்டு, ஓரம் தடித்த கறுப்பாகவும் நடுவில் ஒளிப்புள்ளியாகவும் தெரியும். இங்கேயும் கவனம் தேவை. சூடேற்றிய இயற்கைக் கல்லில் சிறு படிகங்களின் மூலைகள் உருகி உருண்டையாகிவிடும். அவற்றையும் குமிழி என்று எண்ணிவிடக்கூடாது. இரண்டு போலரைசருக்கு நடுவே படிகமாக இருந்தால் நிறம் காட்டக்கூடும். குமிழி காட்டாது.

இனி பெரிய பொறிக்கு வருவோம். செயற்கைக் கல்லைச் சூடாக்கித் திடீரென்று குளிர்வித்தால் உள்ளே நுண்ணிய வெடிப்புகள் விழும். அவற்றை வெண்காரம் போன்ற உருகு பொருளோடு மறுபடி சூடேற்றினால் வெடிப்புகள் பாதி ஆறி, இயற்கைக் கல்லில் காணும் கைரேகை மாதிரியே தோன்றும். “உள்ளே பாருங்கள், கைரேகை இருக்கிறது” என்று கடைக்காரரே லூப்பைக் கையில் கொடுப்பார். கைரேகை மட்டும் இருப்பதால் எதுவும் நிரூபணமாகாது. ஒரு கல்லில் கைரேகை தவிர வேறு ஒன்றுமே இல்லையென்றால், ஊசி இல்லை, படிகம் இல்லை, நேர் வளர்ச்சிக் கோடு இல்லையென்றால், அந்தக் கல்லைத் திரவத்தில் வைத்து வளைகோடு தேடாமல் வாங்காதீர்கள்.

நவரத்தின மோதிரத்துக்குக் குறையில்லாத கல்தான் வேண்டும் என்று கேட்பவர்கள் இந்தப் பொறிக்குள் தாமாகவே நடந்து போகிறார்கள். லூப்பில் பளிங்கு மாதிரித் தெளிவான, நிறம் குன்றாத, ஒரு காரட்டுக்கு மேலான இயற்கை மாணிக்கம் பர்மாவிலும் அபூர்வம், விலையும் அதற்கேற்ப இருக்கும். அதே கல் மலிவாகக் கிடைக்கிறதென்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

6. உருகு பொருளில் வளர்த்த கல்லும் மோங் சூ கல்லும்

செயற்கையில் இன்னொரு வகை, உருக்கிய உப்பு போன்ற பொருளில் மாதக்கணக்கில் மெதுவாக வளர்த்தது. இது விலை அதிகமான செயற்கை, வளைகோடு இதில் இருக்காது. கோடுகள் நேராகவே இருக்கும், இயற்கையைப் போலவே. இங்கே அடையாளம் மீந்து சிக்கிய உருகு பொருள்தான். தடித்த வலை போல, மஞ்சளோ வெள்ளையோ ஆரஞ்சோ கலந்து, ஒளி ஊடுருவாத திவலைகளாக இருக்கும். சில நேரம் பாத்திரத்திலிருந்து உதிர்ந்த பிளாட்டினத் துணுக்குகள், முக்கோணமாகவோ அறுகோணமாகவோ, பின்னொளியில் கறுப்பாகவும் மேலொளியில் வெள்ளி மின்னலாகவும் தெரியும். பிளாட்டினத் துணுக்கைக் கண்டால் பேச்சே இல்லை, அது செயற்கை.

சிக்கல் என்னவென்றால், ஷான் மாநிலத்து மோங் சூ மாணிக்கங்கள் இதே தோற்றத்தைத் தரும். அங்கே கிடைக்கும் கல்லின் நடுவே நீலக் கறுப்பான கருப்பகுதி இருக்கும். அதை நீக்க உருகு பொருளோடு உயர் வெப்பத்தில் சூடேற்றுவார்கள். அப்போது வெடிப்புகள் ஆறி, உள்ளே கண்ணாடிபோல் மீதம் தங்கும். அதுவும் வலைத்திரையாகத்தான் தெரியும். இயற்கைக் கல்லைச் செயற்கை என்று தள்ளிவிடுவதும் இங்கேதான் நடக்கிறது. கல் முழுவதும் கூர்மையான கோணங்களாக அடுக்கடுக்காக வளர்ந்த நிறப் பட்டைகள், நடுவில் கருப்பகுதியின் எச்சம், வெண்மையான மேகத் திட்டுகள் ஆகியவை மோங் சூவின் பக்கம் சாயும் அடையாளங்கள். ஆனால் லூப்பை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிப்பேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசோதனைக்கூடங்கள் கல்லில் உள்ள காலியம், வனேடியம், இரும்பு ஆகியவற்றின் நுண்ணளவை அளந்துதான் முடிவு சொல்கின்றன. செயற்கையில் காலியம் பெரும்பாலும் இருக்காது.

ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் என்று ஒன்றும் உண்டு. அது செயற்கை அல்ல, எண்ணும் மாணிக்கத்தின் எண்தான். ஆனால் வெடிப்புகளில் நீல மின்னலும் தட்டையான குமிழிகளும் தெரியும். நகைக்காரரின் தீயும் அமிலமும் பட்டாலே கல் பாழாகும். சீட்டில் அதைக் குறிப்பிடாமல் விற்பது மோசடிதான்.

7. மொகொக் கல்லின் உள்ளே என்ன இருக்கும்

எதை விலக்குவது என்று மட்டும் தெரிந்தால் போதாது, எதைத் தேடுவது என்றும் தெரிய வேண்டும். மொகொக் மாணிக்கம் பளிங்குப் பாறையில் விளைவது. அதனால் கால்சைட் படிகங்கள் சாய்சதுர வடிவில் உள்ளே கிடக்கும். பட்டு என்று மேலே சொன்ன, ரூட்டைல் என்ற கனிமத்தின் குட்டையான ஊசிகள் திட்டுத் திட்டாக, 60 பாகையில் ஒன்றையொன்று குறுக்கிட்டு அடர்ந்திருக்கும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் அவை வண்ணமாக மின்னும். ஊசிகள் அறுபடாமல் முழுதாக இருந்தால் கல் உயர் வெப்பம் காணவில்லை என்பதற்கு நல்ல குறி. புள்ளிப் புள்ளியாக உடைந்திருந்தால் சூடேற்றப்பட்டது. நிறம் பரவியிருக்கும் விதமும் தனி: சீனிப்பாகைத் தண்ணீரில் கலக்கும்போது தெரியும் சுழிகளைப் போலச் சிவப்பு கல்லுக்குள் நெளிந்து கிடக்கும்.

புற ஊதா ஒளியில் பளிச்சென்று சிவப்பாக ஒளிர்வதை மொகொக்கின் அடையாளம் என்று சிலர் சொல்வார்கள். இரும்பு குறைவாக இருப்பதால் மொகொக் கல் நன்றாக ஒளிரும், உண்மை. ஆனால் தீச்சுடர்க் கல்லில் இரும்பு இன்னும் குறைவு, அது அதைவிடப் பிரகாசமாக ஒளிரும். அந்த விளக்கைக் காட்டி விற்பவரிடம் கொஞ்சம் நிதானமாக இருங்கள்.

8. ஒரு கல்லை எடுத்து முழுதாகப் பார்ப்போம்

நீள்வட்டமாக வெட்டிய சிவப்புக் கல், எடை 1.32 காரட், “சூடேற்றாத மொகொக்” என்று சொல்லிக் காட்டப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சில் நிறம் ஏறவில்லை. ரிஃப்ராக்டோமீட்டரில் மேல் எண் 1.770இல் அசையாமல் நிற்கிறது, கீழ் எண் திருப்பத் திருப்ப 1.762 வரை இறங்குகிறது. வித்தியாசம் 0.008. ஸ்பினல், கார்னெட், கண்ணாடி எல்லாம் விலகின. கல் மாணிக்கம்தான்.

லூப்பில் பார்த்தால் ஓர் ஓரத்தில் அழகான கைரேகை ஒன்று. மற்ற இடமெல்லாம் தெளிவு. சாய்த்து அடித்த டார்ச்சில் ஒரு ஊசிகூட மின்னவில்லை. கால்சைட் இல்லை, பாகுச் சுழியும் இல்லை. “சூடேற்றாத மொகொக்” என்ற பேச்சோடு இது பொருந்தவில்லை, ஏனென்றால் சூடேற்றாத மொகொக் கல்லில் பட்டு பெரும்பாலும் இருக்க வேண்டும். மேலும் பட்டே இல்லாத கல்லில் ஆறிய வெடிப்பு மட்டும் இருப்பது, மேலே சொன்ன போலிக் கைரேகையின் வாடிக்கையான தோற்றம்.

இப்போது எண்ணெயில் மூழ்க வைத்து, வெள்ளைக் காகிதத்தின் பின்னொளியில் திருப்புகிறோம். மேல்முகத்தின் வழியாக ஒன்றும் இல்லை. கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நீள அச்சில் மெதுவாகச் சுழற்றும்போது ஓரிடத்தில் மிக மெல்லிய, நெருக்கமான கோடுகள் கல்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே வளைவாக ஓடுகின்றன. வெட்டுமுகங்களின் எல்லைகளில் அவை உடையவில்லை. கல்லைச் சற்றே திருப்பினால் மறைகின்றன, திரும்பக் கொண்டுவந்தால் அதே இடத்தில் தெரிகின்றன. அதே கைரேகைக்குக் கீழே ஒரு குமிழியும் கிடைக்கிறது, ஓரம் கறுத்து நடு வெளுத்தது. தீர்ப்பு முடிந்தது: தீச்சுடர் முறைச் செயற்கை மாணிக்கம், கைரேகை செயற்கையாக உண்டாக்கியது.

இதே கல்லில் வளைகோடும் குமிழியும் கிடைக்காமல், ஊசியும் இல்லாமல் இருந்திருந்தால் முடிவு “தெரியவில்லை” என்பதுதான். “தெரியவில்லை” என்பதை இயற்கை என்று மாற்றிக்கொள்ளாதீர்கள், பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புங்கள்.

9. சீட்டு, சான்றிதழ், நாள் கணக்கு

போஜோக் சந்தையிலோ மொகல் தெருவிலோ கல் பார்க்கப் போவதானால் காலை வெயில் வந்தபின் போங்கள், வாசலுக்கு அருகே பாருங்கள். எடையை ரத்திக் கணக்கில் சொன்னால் காரட்டில் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். பேரம் முடிந்தாலும், கூடத்தின் முடிவு வந்தபின் மீதி என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் முழுத்தொகையைக் கொடுக்காதீர்கள். தெருவில் பொட்டலம் விரிப்பவரிடம் இந்த ஒப்பந்தம் நடக்காது, உரிமம் உள்ள கடையில்தான் நடக்கும்.

உரிமம் பெற்ற கடை தரும் சீட்டை வாங்கி வையுங்கள். நாட்டை விட்டுக் கல்லைக் கொண்டுபோகும்போது விமான நிலையத்தில் அதைத்தான் கேட்பார்கள். சீட்டில் கல்லின் இனம், காரட் எடை, இயற்கையா, சூடேற்றியதா, நிரப்பியதா என்று ஐந்தும் எழுதியிருக்க வேண்டும். வெறுமனே “மாணிக்கம், ஒன்று” என்று எழுதிய சீட்டு பிறகு எதற்கும் உதவாது.

இனமும் இயற்கையா செயற்கையா என்பதும் மட்டும் சொல்லும் சிறு அட்டை ரங்கூனிலேயே குறைந்த செலவில் கிடைக்கும், பெரும்பாலும் அதே நாளிலோ மறுநாளோ. எந்த மலையில் விளைந்தது, சூடேற்றியதா என்பதெல்லாம் வேண்டுமென்றால் பாங்காக்கில் உள்ள பெரிய கூடங்களுக்குப் போக வேண்டும். அங்கே கட்டணம் கல்லின் எடையைப் பொறுத்து ஏறும், விளைந்த இடத்தையும் சொல்லும் அறிக்கை நூறு டாலரைத் தாண்டிவிடும், வாரக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டியிருக்கும். அரைக் காரட்டுக்கும் குறைவான, சில நூறு டாலர்க் கல்லுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. ஆயிரக்கணக்கில் விலை பேசும் கல்லுக்கு அதைத் தவிர்ப்பது முட்டாள்தனம்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் கல்லோடு ஒப்பிடுங்கள். எடை 0.01 காரட் வரை பொருந்த வேண்டும், நீளம், அகலம், உயரம் மில்லிமீட்டரில் பொருந்த வேண்டும், படத்தில் உள்ள வடிவமும் வெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். நல்ல கல்லுக்கு வாங்கிய பழைய சான்றிதழைப் பக்கத்தில் வைத்து அதே அளவில் வெட்டிய செயற்கைக் கல்லை விற்பது நடக்கிற வேலை. எடை பொருந்தினாலும் உயரம் பொருந்தாமல் பிடிபடுவது உண்டு, அதனால் அளவுகோலை நீங்களே கொண்டுபோங்கள். சான்றிதழ் எண்ணைக் கூடத்தின் தளத்தில் கடைக்காரரின் கைப்பேசியில் அல்ல, உங்கள் கைப்பேசியில் தேடிப் பாருங்கள்.